மஞ்சள் போர்டுக்கு எந்தக் கார்?

டாக்ஸிக்குக் கார் வாங்கப் போகிறவர் ஷோரூமில் முதலில் கேட்பது, "மைலேஜ் என்ன தரும்?" என்பதுதான். விற்பனையாளரும் கம்பெனி சொல்லும் எண்ணைச் சொல்வார். கேஸில் ஓடும் சின்ன செடான் என்றால் கிலோவுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் என்பார். ஏ.சி. போட்டுக்கொண்டு, கிண்டியிலும் கோயம்பேட்டிலும் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் நகரும் வண்டி அந்த எண்ணை ஒருநாளும் தராது. சென்னைக்குள் 22 கிடைத்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதே வண்டியின் பெட்ரோல் மாடல் லிட்டருக்கு 15 தரும்.

மைலேஜைவிட முக்கியமான இன்னொரு கேள்வி உண்டு. அதைக் கேட்பவர்கள் குறைவு. இந்த வண்டி ஓடும் 100 கிலோமீட்டரில் எத்தனை கிலோமீட்டருக்கு எனக்குக் காசு வரும்? மீதி காலி ஓட்டம். சவாரியை இறக்கிவிட்டு அடுத்த சவாரியை ஏற்றப் போவது, ஸ்டாண்டுக்குத் திரும்புவது, கேஸ் பங்க் தேடிப் போவது, ராத்திரி வீட்டுக்கு வருவது எல்லாமே இதில் சேரும். மாதக் கடைசியில் கையில் நிற்கும் தொகையை மைலேஜ் எவ்வளவு மாற்றுகிறதோ, ஏறக்குறைய அதே அளவுக்குக் காலி ஓட்டமும் மாற்றுகிறது. எந்தக் கார் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து காலி ஓட்டமும் மாறும்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். சொந்தமாக வண்டி வாங்கி, சென்னையில் ஆப் சவாரியும் அவ்வப்போது நேரடி வாடகையும் ஓட்டும் ஒருவர். மாதம் 26 நாள், நாளுக்கு 12 மணி நேரம், 200 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாதத்துக்கு 5,200 கிலோமீட்டர். அதில் 65 சதவீதம், அதாவது 3,380 கிலோமீட்டர், சவாரியோடு ஓடுகிறது. ஆப் கமிஷனோ தினசரிச் சந்தாவோ போக, சவாரி கிலோமீட்டருக்கு 20 ரூபாய் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாத வசூல் 67,600 ரூபாய். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், சி.என்.ஜி. கிலோ 91 ரூபாய் என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் இன்றைய விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம். கணக்கின் போக்கு மாறாது.

டிசையரின் டாக்ஸி வடிவமான டூர் எஸ் மாதிரி ஒரு செடானை எடுத்துக்கொள்வோம். பெட்ரோலில் ஓட்டினால் எரிபொருளுக்கு மட்டும் மாதம் 35,000 ரூபாய் போகும். சி.என்.ஜி.யில் 21,500. சி.என்.ஜி. வண்டி ஏறக்குறைய 90,000 ரூபாய் கூடுதல் விலை. அதனால் கடனும் கூடும். 6.5 லட்சம் கடனுக்கு 11.5 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை மாதம் 14,300 ரூபாய். பெட்ரோல் வண்டிக்கு 5.6 லட்சம் போதும், தவணை 12,300. டயர், சர்வீஸ், பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் என்று எல்லாவற்றுக்கும் கிலோமீட்டருக்கு 1.55 ரூபாய் ஒதுக்க வேண்டும், மாதம் 8,060 ஆகும். இன்சூரன்ஸ், வரி, பர்மிட், எஃப்.சி. இவற்றை மாதத்துக்குப் பிரித்தால் 3,800. எல்லாம் போக சி.என்.ஜி.காரர் கையில் 19,940 ரூபாய் மிஞ்சும். பெட்ரோல்காரருக்கு 8,440.

பன்னிரண்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்த மனிதருக்கு எட்டாயிரத்து நானூறு ரூபாய் சம்பளம் என்பது கொடுமை. சென்னையில் டாக்ஸிக்குப் புதுப் பெட்ரோல் செடானைக் கடனில் வாங்காதீர்கள் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். கேஸ் பங்க் எட்டாத ஊரில் ஓட்டுபவருக்கு மட்டும்தான் அது பொருந்தும். முன்பு இந்த இடத்தில் டீசல் இருந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் வந்தபோது மாருதி டீசல் என்ஜினையே நிறுத்திவிட்டது. டொயோட்டா எடியாஸும் அப்போதே போய்விட்டது. இன்று ரோட்டில் தெரியும் எடியாஸ் எல்லாம் அதற்கு முந்தைய வண்டிகள். புது வண்டி வாங்குபவருக்கு அந்த வழி இல்லை.

இப்போது காலி ஓட்டத்தை மாற்றிப் பார்ப்போம். அதே சி.என்.ஜி. வண்டி, அதே 5,200 கிலோமீட்டர், ஆனால் சவாரி ஓட்டம் 65 சதவீதத்திலிருந்து 55 ஆகிறது. வசூல் 57,200 ஆக இறங்கும். செலவு அப்படியே நிற்கும். கையில் 9,540 ரூபாய்தான். பெட்ரோலுக்கும் கேஸுக்கும் உள்ள வித்தியாசம் 11,500. பத்து சதவீதக் காலி ஓட்டம் விழுங்குவது 10,400. கேஸ் வண்டி வாங்கிச் சம்பாதித்த லாபத்தை ஏறக்குறைய முழுவதையும் கேஸ் பங்க் வரிசையிலும் கேன்சலான சவாரியிலும் விட்டுவிட முடியும் என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது.

சி.என்.ஜி. சிலிண்டரை நிரப்பும் அழுத்தம் 200 பார். டூர் எஸ் மாதிரி வண்டியின் 55 லிட்டர் சிலிண்டரில், எல்லாம் சரியாக இருந்தால், எட்டு கிலோ அளவுக்கு ஏறும். 22 மைலேஜில் 176 கிலோமீட்டர். நாளுக்கு 200 ஓட்டுபவர் தினமும் ஒரு தடவையாவது நிரப்ப வேண்டும். பங்கில் அழுத்தம் குறைவாக இருந்தால் ஆறு கிலோவோடு நின்றுவிடும், அப்போது ஒரே நாளில் இரண்டு தடவை. வரிசையில் 45 நிமிடம் என்று போட்டால் மாதம் ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 217 ரூபாய் வசூல் செய்யும் வண்டி அது. நிற்கும் நேரத்தில் எரிபொருளும் தேய்மானமும் மிச்சம் என்று கழித்தாலும் மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் அந்த வரிசையில் போய்விடுகிறது.

அதனால் வண்டி வாங்குவதற்கு முன் பங்குகளைப் போய்ப் பார்க்க வேண்டும். எல்லாப் பங்கும் ஒன்றல்ல. சிலவற்றுக்குக் குழாய் வழியாகவே எரிவாயு வருகிறது, அங்கேயே கம்ப்ரசர் ஓடும். சிலவற்றுக்கு லாரியில் அடுக்கடுக்காகச் சிலிண்டர்களை ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். லாரிச் சிலிண்டர் காலியாகக் காலியாக அழுத்தம் இறங்கும். மாலையில் அங்கே போனால் நேரமும் அதிகம், ஏறும் கேஸும் குறைவு. நீங்கள் ராத்திரி வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் குழாய் இணைப்புள்ள பங்க் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், விடியற்காலை ஐந்து மணிக்கு நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். அப்போது வரிசை இருக்காது. வெப்பமும் குறைவு. மதிய வெயிலில் சூடான சிலிண்டரில் அதே அழுத்தத்துக்குக் குறைந்த எடைதான் ஏறும். முள் முழுதாகக் காட்டும், ஆனால் பில்லில் கிலோ குறைந்திருக்கும். பில்லைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் எந்தப் பங்க் நல்ல பங்க் என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது டிக்கி. கேஸ் செடான் வாங்குபவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். செடானின் பெருமையே அதன் டிக்கிதான். அதன் பெரும்பகுதியில் சிலிண்டர் உட்கார்ந்துகொள்கிறது. கைப்பை, லேப்டாப் பை, மடக்கினால் மடங்கும் பை வரைக்கும் பிரச்னை இல்லை. மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும் குடும்பத்தோடு இரண்டு பெரிய சூட்கேஸ் இருந்தால் ஒன்று முன் சீட்டுக்குப் போகும், இன்னொன்று பயணியின் மடிக்குப் போகும், இல்லையென்றால் சவாரி கேன்சலாகும். கேன்சலான சவாரிக்கு நீங்கள் ஓட்டி வந்த நாலு கிலோமீட்டர் காலி ஓட்டம். விமான நிலையம், சென்ட்ரல், எழும்பூர், கிளாம்பாக்கம் இவை நாலும்தான் நீண்ட சவாரி கிடைக்கும் இடங்கள். நாலிலும் பயணி பெட்டியோடுதான் வருவார்.

டாடா 2023இல் டிகோரில் ஒரு மாற்றம் செய்தது. ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் சிறிய சிலிண்டர் இரண்டைப் படுக்கவைத்து, டிக்கித் தரைக்குக் கீழே வைத்தது. தரை சமமாகிவிடுகிறது, 205 லிட்டர் இடம் கிடைக்கிறது. ஒரு பெரிய சூட்கேஸும் ஒரு சிறியதும் வைக்கலாம். விமான நிலைய ஓட்டமே பிழைப்பு என்பவர் இந்த அமைப்பைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் கூரைக் கேரியர் போடுகிறார்கள். அது வேலை செய்யும், ஆனால் காற்றைத் தடுத்து மைலேஜைக் குறைக்கும், மழையில் பெட்டி நனைந்தால் பயணி கொடுக்கும் ரேட்டிங்கையும் குறைக்கும். வேகன் ஆர் மாதிரி ஹேட்ச்பேக்கில் சிலிண்டர் வைத்தபின் டிக்கி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. தவணை குறைவு என்பதால் அது ஈர்க்கும். அலுவலகத்துக்கு ஆள் ஏற்றி இறக்கும் ஒப்பந்த ஓட்டத்துக்கு அது நல்ல வண்டி. ஆப் சவாரியில் ஹேட்ச்பேக்குக்கு மினி சவாரி மட்டும்தான் விழும், செடானுக்கு இரண்டும் விழும். பிற்பகல் இரண்டு மணிக்கு, ஆர்டர் வறண்டு கிடக்கும் நேரத்தில், அந்த வித்தியாசம் புரியும்.

உழைப்பு என்று வரும்போது என்ஜினைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். டாக்ஸியில் முதலில் உட்காருவது என்ஜின் அல்ல. நகர நெரிசலில் கிளட்ச் தேயும். பள்ளத்திலும் வேகத்தடையிலும் லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் போகும். சிலிண்டரின் எடை எந்நேரமும் பின்னால் இருப்பதால், மூன்று பேர் ஏறினால் வண்டி பின்பக்கம் அமரும். நாளடைவில் ஸ்பிரிங்கும் இறங்கும். மெதுவாக ஒரு வேகத்தடையைத் தாண்டும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று கேட்டால் லிங்க் ராடைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் மாற்றினால் சில நூறு ரூபாயோடு போகும், விட்டால் டயரைத் தின்னும். கேஸ் வண்டியில் மட்டும் வரும் தேய்மானம் ஒன்று உண்டு. பெட்ரோலைப் போல கேஸ் வால்வை ஈரமாக்காது. வால்வும் அதன் சீட்டும் அதிகச் சூட்டில் உலர்ந்து அடிபடும். கம்பெனியிலேயே பொருத்தி வரும் கேஸ் வண்டிகளில் அதற்கேற்ப வால்வு சீட் வலுவாக இருக்கும். பெட்ரோல் வண்டி வாங்கி வெளியில் கிட் போட்டால் அந்த வலு கிடைக்காது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் ஒரு சிலிண்டர் விட்டு நடுங்கினால், ஏற்றத்தில் இழுவை குறைந்தால், முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள், பிறகு வால்வு இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும். அந்தத் தேதி தவறினால் பங்கில் கேஸ் போட மறுப்பார்கள்.

வண்டி ஒரு நாள் ஷெட்டில் நின்றால், நமது கணக்கில், எரிபொருளும் தேய்மானமும் கழித்து 1,450 ரூபாய் நஷ்டம். தவணை அந்த நாளுக்கும் ஓடும். ஆகவே டாக்ஸிக்கு நீடித்த உழைப்பு என்றால், பழுதே வராமல் இருப்பது என்று எடுத்துக்கொள்ள முடியாது. காலையில் விட்டால் மாலையில் திரும்பி வர வேண்டும். உதிரிப் பாகம் தெருமுனைக் கடையில் கிடைக்க வேண்டும், புதுப்பேட்டையில் பழைய பாகமும் கிடைக்க வேண்டும், எந்த மெக்கானிக்கும் கையை வைக்கத் தயங்கக் கூடாது. சென்னை டாக்ஸியில் டிசையர் இவ்வளவு நிறைந்திருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அதைவிட அகலமான சீட்டும் திடமான உடம்பும் உள்ள வண்டிகள் இருக்கின்றன. பம்பரும் ஹெட்லைட்டும் வர பத்து நாள் ஆகும் வண்டியாக அது இருந்தால் டாக்ஸிக்கு உதவாது. வாங்குவதற்கு முன் சர்வீஸ் சென்டருக்கே போன் செய்து, முன் பம்பரும் கிளட்ச் செட்டும் கையிருப்பில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். வாரண்டியையும் கிலோமீட்டரில் கேளுங்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரண்டி என்றால் வீட்டுக் காருக்குப் பத்து வருட ஓட்டம், உங்களுக்குப் பத்தொன்பது மாதம். மஞ்சள் போர்டுக்கு நிபந்தனை வேறாக இருக்கலாம், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சௌகரியம் என்றதும் பயணியை நினைக்கிறோம். அவர் அரை மணி நேரம் உட்காருகிறார். ஓட்டுநர் பன்னிரண்டு மணி நேரம். டெஸ்ட் டிரைவுக்குக் காலை பத்து மணிக்குக் காலி ரோட்டில் போகாதீர்கள். மதியம் ஒரு மணிக்கு, மூன்று பேரைப் பின்னால் ஏற்றி, ஏ.சி. முழுதாகப் போட்டு, கேஸிலேயே கத்திப்பாரா மேம்பாலம் ஏறுங்கள். கியரை எத்தனை தடவை இறக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு சிக்னலில் நின்றபடி பின்சீட்டுக்காரர்களுக்குக் குளிர்ச்சி வருகிறதா என்று கேளுங்கள். பின்சீட்டுக்குத் தனி ஏ.சி. வென்ட் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் ஏப்ரல், மே மாதத்தில் ரேட்டிங்கிலேயே வித்தியாசம் தெரியும். கிளட்ச் பெடலை முழுதாக மிதிக்கும்போது இடுப்பு சீட்டிலிருந்து நகர்ந்தால், உங்கள் உடம்புக்கு அந்த சீட் பொருந்தவில்லை. நாளுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் மிதிக்கப் போகும் பெடல் அது. முதுகு போய் மாதத்தில் நாலு நாள் படுத்தால் 5,800 ரூபாய் போச்சு.

மின்சாரக் காரை இந்தக் கணக்கில் சேர்க்காமல் முடியாது. அதன் விலை அதிகம். கடன் 11 லட்சம் என்றால் தவணை 24,200, கேஸ் வண்டியைவிட 9,900 கூடுதல். ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும். வீட்டு மின்சாரம் தமிழ்நாட்டில் அடுக்கு ஏற ஏற விலை ஏறும், இவ்வளவு சார்ஜ் செய்தால் மேல் அடுக்குக்குப் போய்விடும். ஆகவே யூனிட் 11 ரூபாய் என்றே வைப்போம். கிலோமீட்டருக்கு 1.57 ரூபாய் ஆகும். கேஸைவிட மாதம் 13,000 ரூபாய் மிச்சமாகி, கூடுதல் தவணை போக 3,000 லாபம். பொது ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் என்றால் மிச்சம் 6,600தான், தவணைக்குக் காணாது. ஆக, மின்சாரக் காரை வாங்கலாமா என்பதை ராத்திரி வண்டி நிறுத்துமிடம் தீர்மானிக்கிறது. தெருவோரம் நிறுத்துபவருக்கு அது இன்று கட்டுப்படியாகாது. சொந்த இடத்தில் பிளக் உள்ளவருக்கும், ஒரு சார்ஜில் நிஜமாக எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பது 200ஐத் தொடுகிறதா என்று பார்த்த பிறகுதான் பேச்சு.

எர்டிகாவைக் கேட்பவர்கள் வெளியூர் ஓட்டத்தைக் கணக்கில் வைத்துக் கேட்கிறார்கள். திருப்பதி, திருவண்ணாமலை, வேளாங்கண்ணி என்று மாதம் பத்து நாளாவது நேரடி வாடகை நிச்சயமாகக் கையில் இருந்தால் வாங்கலாம். ஊருக்குள் ஆப் சவாரிக்கு அந்தத் தவணையை இழுப்பது கஷ்டம்.

நமது கணக்கில் உள்ள ஓட்டுநருக்கு நான் சொல்வது, கம்பெனியில் பொருத்தி வரும் கேஸ் செடான். விமான நிலைய ஓட்டம் அதிகமென்றால் இரட்டைச் சிலிண்டர், இல்லையென்றால் பாகம் எங்கும் கிடைக்கும் டிசையர் வகை. கடனை ஐந்து வருடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. மாதம் 5,200 ஓட்டினால் ஐந்து வருடத்தில் வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். ஆறாவது, ஏழாவது வருடத்தில் தவணையும் பெரிய ரிப்பேரும் ஒன்றாக வந்து நிற்கும். மஞ்சள் போர்டில் மூன்று லட்சம் ஓடிய வண்டியை விற்றால் வரும் தொகை மிச்சக் கடனுக்கே காணாமல் போகலாம். தவணையோடு சேர்த்து அந்த 8,060 ரூபாயையும் மாதாமாதம் தனிக் கணக்கில் போட வேண்டும். முதல் வருடத்தில் அதில் பாதிகூடச் செலவாகாது. இரண்டாவது வருடத்தில் நாலு டயரும் கிளட்ச் செட்டும் அடுத்தடுத்த மாதங்களில் வரும்போது, கந்து வட்டிக்காரரிடம் போகாமல் அந்தக் கணக்கிலிருந்தே எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.